பாஸ்வேர்டு சரிதான், பதில்தான் வரவில்லை

வீட்டு வைஃபையில் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது கூடத்துச் சுவரில் தொங்கும் அந்த ரவுட்டரேதான். அது வேறு யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டு அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் கண் மூடித் திறப்பதற்குள் இணைப்பு கிடைத்துவிடுகிறது.

அலுவலக வைஃபையின் கதை வேறு. கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தட்டுக்கு, அதாவது ஆக்சஸ் பாயின்ட்டுக்கு, உங்களைத் தெரியாது. உங்கள் பாஸ்வேர்டும் தெரியாது. வந்திருப்பவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போன் போட்டுக் கேட்கும் காவலர் மாதிரிதான் அது. உள்ளேயிருந்து பதில் வரும்வரை கதவு திறக்காது. அந்த ‘உள்ளே’ இருப்பதன் பெயர் ரேடியஸ் சர்வர். காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்க, இணைப்பு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறதென்றால், குற்றவாளி பல நேரம் கூரையில் இல்லை. அது சர்வர் அறையிலோ, சில சமயம் வேறு ஊரிலோ இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு சுற்றி வளைத்துச் செய்கிறார்கள் என்றால், காரணம் எளிது. ஆயிரம் பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்று வைத்தால், ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது ஆயிரம் பேருடைய பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு அல்லது தனிச் சான்றிதழ். வைஃபை அமைப்புகளில் ‘எண்டர்பிரைஸ்’ என்ற சொல்லோடு வருவது இந்த ஏற்பாடுதான்.

ரேடியஸின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் இன்றைய சிக்கல் பாதி புரிந்துவிடும். 1990களின் தொடக்கத்தில், டெலிபோன் லைனில் மோடம் வைத்து இணையத்துக்குப் போன காலத்தில், அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் நிறுவனம் உருவாக்கியது இது. மோடம் வழியாக வருபவரின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு கேள்வியாக அனுப்புவார்கள். சர்வர் சரி அல்லது இல்லை என்று ஒரு பதில் சொல்லும். ஒரு கேள்வி, ஒரு பதில், வேலை முடிந்தது. 2000ஆம் ஆண்டு ஜூனில் வெளியான அதன் வரையறை ஆவணத்தில் சுவாரசியமான ஒரு பகுதி உண்டு. தகவல் போய்ச் சேர்ந்ததற்கு உத்தரவாதம் தரும் டிசிபி முறையை விட்டுவிட்டு, அந்த உத்தரவாதம் இல்லாத யுடிபியை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். பயனாளர் சில விநாடிகள் காத்திருப்பார், ஆனால் பல நிமிடம் காத்திருக்க மாட்டார் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தக் காலத்தில் மோடம் இரைந்து இணைவதற்கே அரை நிமிடம் ஆகும். அதன் பிறகு இரண்டு விநாடி கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது?

இன்று அதே ரேடியஸின் முதுகில் ஏறி வருவது ஒரே ஒரு கேள்வி அல்ல, நீண்ட உரையாடல். பல அலுவலகங்களில் புழங்கும் பீப் என்ற முறையை எடுத்துக்கொள்வோம். லேப்டாப் முதலில் தன் பெயரைச் சொல்கிறது. ‘பீப் முறையில் பேசலாம்’ என்கிறது சர்வர். லேப்டாப் சம்மதித்து ரகசிய வழி ஒன்றைத் திறக்கக் கேட்கிறது. சர்வர் தான் உண்மையான சர்வர்தான் என்பதற்குச் சான்றிதழை நீட்டுகிறது. அந்தச் சான்றிதழ் ஒரே பொட்டலத்தில் அடங்காது. மூன்று துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் லேப்டாப் ‘வந்தது’ என்று சொன்னால்தான் அடுத்தது புறப்படும். பிறகு சாவி பரிமாற்றம். ரகசிய வழி தயாரானதும், அதற்குள் மறுபடியும் பெயர், அதன்பின் ஒரு புதிர், புதிருக்கு விடை, விடை சரியென்று ஒப்புதல், ஒப்புதலுக்கு ஒப்புதல். கூட்டிப் பார்த்தால் பத்துச் சுற்று. சர்வரில் எந்த முறையை முதலில் முன்வைக்க வேண்டும் என்பதை மாற்றாமல் விட்டிருந்தால் ஒரு சுற்று வீணாகக் கூடும். பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருளான ஃப்ரீரேடியஸ், நிறுவிய நிலையில் எம்டி5 என்ற பழைய முறையைத்தான் முதலில் நீட்டும். லேப்டாப் ‘அது வேண்டாம், பீப் கொடு’ என்று திருப்பியடிக்கும். ஆக மொத்தம் பதினொன்று.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒரு சுற்று முடியாமல் அடுத்த சுற்று தொடங்காது. நான்கைந்து கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் வசதி இதில் கிடையாது. அடுத்தது, பாஸ்வேர்டு சரியா என்று உண்மையாகவே பார்ப்பது இந்தப் பதினொன்றில் ஒரே ஒரு சுற்றில்தான். மற்ற பத்தும் சம்பிரதாயம். ஆகவே சர்வர் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தாமதித்தால், அந்தக் கொஞ்சம் பதினொரு மடங்காகி உங்கள் மேசைக்கு வருகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஆயிரம் பேர் வேலை பார்க்கும் அலுவலகம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு போன். ஆக 2,000 கருவிகள். ரேடியஸ் சர்வர் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது, ஃப்ரீரேடியஸ் ஓடுகிறது. ஊழியர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும் டைரக்டரி சர்வர் மட்டும் பெங்களூர் தலைமையகத்தில். இரவு எட்டு மணிக்கு டைரக்டரியில் ஒருவரைத் தேடி எடுக்க 30 மில்லி விநாடி ஆகிறது, அதாவது ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்கு. காலை ஒன்பதரைக்கு, எல்லா ஊர் அலுவலகங்களும் அதே டைரக்டரியை மொய்க்கும் நேரத்தில், அதே தேடலுக்கு ஒரு விநாடி ஆகிறது.

ஒரு விநாடிதானே என்று தோன்றும். பாஸ்வேர்டு பார்க்கும் அந்த ஒரு சுற்றில் மட்டும் தேடினால் உண்மையிலேயே ஒரு விநாடிதான். ஆனால் இந்த அலுவலகத்தில் பதினொரு சுற்றிலும் தேடுகிறார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அமைப்புக் கோப்பில் இரண்டு வரி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஃப்ரீரேடியஸில் ஒரு கோரிக்கை வந்ததும் `authorize` என்ற பகுதியில் எழுதியிருப்பவற்றை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்துகொண்டு போகும். இருக்க வேண்டிய வரிசை, சுருக்கமாக, இப்படி:

```
authorize {
    preprocess
    eap {
        ok = return
    }
    ldap
}
```

நடுவில் இருக்கும் `ok = return` என்பதில்தான் விஷயம். ‘இது சம்பிரதாயச் சுற்று, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று `eap` சொல்லிவிட்டால் அதோடு திரும்பிவிடு, கீழே இருக்கும் டைரக்டரியைத் தொந்தரவு செய்யாதே என்று அதற்குப் பொருள். ஃப்ரீரேடியஸோடு வரும் மாதிரிக் கோப்பில் இது இப்படித்தான் இருக்கும். டைரக்டரிக்கும் தரவுத்தளத்துக்கும் சுமை குறையட்டும் என்பதற்காகத்தான் இப்படி வைத்திருக்கிறோம் என்று பக்கத்திலேயே குறிப்பும் எழுதியிருப்பார்கள். நம் அலுவலகத்தில் யாரோ ஒருவர், விருந்தினர் கணக்குகளுக்கோ வேறு எதற்கோ, `ldap` என்ற வரியை `eap`க்கு மேலே ஏற்றிவிட்டார். அன்றைக்கு ஐம்பது பேர்தான் இருந்தார்கள், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வேலை செய்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது இரவில் ஒருவர் லாக்கின் செய்தால் பதினொரு தேடலுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு விநாடி. யாருக்கும் தெரியாது. காலையில் அதே ஆள் செய்தால் பதினொரு விநாடி. வேலை முடிந்து இருட்டிய பிறகு சோதித்துப் பார்த்துவிட்டு ‘எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று அறிக்கை எழுதும் வழக்கம் இதனால்தான் எதையும் கண்டுபிடிப்பதில்லை.

பதினொரு விநாடியோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஃப்ரீரேடியஸ் ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய கோரிக்கைகளுக்கு வரம்பு உண்டு. மாதிரி அமைப்பில் அது 32. ஒவ்வொன்றும் டைரக்டரியின் பதிலுக்காக ஒரு விநாடி கையைக் கட்டிக்கொண்டு நின்றால், விநாடிக்கு 32 கோரிக்கைகள்தான் முடியும். ஒரு கருவிக்குப் பதினொரு கோரிக்கை என்பதால் நிமிடத்துக்குச் சுமார் 175 கருவிகள் உள்ளே போகலாம். கம்பெனி பஸ்கள் ஒன்பதே காலிலிருந்து பத்து நிமிடத்துக்குள் எல்லோரையும் இறக்கிவிடுகின்றன. நிமிடத்துக்கு 200 கருவிகள் வருகின்றன. நிமிடத்துக்கு 25 கருவிகள் வீதம் வரிசை நீளும். பத்தாவது நிமிடத்தில் 250 கருவிகள் நிற்கும். அப்போது ஒரு சுற்றுக்கே எட்டு விநாடி ஆகும். பதினொரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம்.

ஆனால் ஒன்றரை நிமிடம் யாரும் காத்திருப்பதில்லை, கருவிகளும்கூட. ஆக்சஸ் பாயின்ட்களை மேய்க்கும் கன்ட்ரோலருக்கு ஒரு பொறுமை அளவு உண்டு. அதை 2 விநாடி, 5 விநாடி என்று வைத்திருப்பார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பும். இப்படி வரும் நகலை ஃப்ரீரேடியஸ் அடையாளம் கண்டு தள்ளிவிடும் என்பதால் அதனால் பெரிய சேதமில்லை. சேதம் வருவது அதற்கு அடுத்த படியில். சில முறை கேட்டும் பதில் இல்லையென்றால் ‘இந்த சர்வர் செத்துவிட்டது’ என்று கன்ட்ரோலர் முடிவு கட்டி, இரண்டாவது சர்வருக்கு மாறும். அல்லது லேப்டாப்பே சலித்துப்போய் இணைப்பைக் கைவிட்டு மறுபடி தொடங்கும். இரண்டிலும் அதுவரை நடந்த ஆறு சுற்றோ ஏழு சுற்றோ வீண். உரையாடல் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறது. வந்து சேரும் வேலை கூடுகிறது, முடியும் வேலை குறைகிறது. நிமிடத்துக்கு 175 என்று சொன்னேனே, அதுவும் சரிகிறது.

இந்த நேரம் பார்த்து ஹெல்ப்டெஸ்க்கில் நடக்கும் உரையாடல் எல்லா அலுவலகத்திலும் ஒன்றுதான்.

“வைஃபை கனெக்டே ஆகலைங்க, அஞ்சு நிமிஷமா சுத்துது.”

“மேடம், ஒரு தடவை வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க.”

நல்லெண்ணத்தில் சொல்லும் யோசனைதான். ஆனால் ஒன்பதாவது சுற்றில் நின்றுகொண்டிருந்தவரைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில், முதல் சுற்றில் நிறுத்துகிறது அது.

சரி, கோளாறு காற்றில் இல்லை, சர்வரில்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாதாரண ஊழியரே பார்க்கக்கூடிய ஒரு தடயம் உண்டு. பெரும்பாலான அலுவலகங்களில் அதே ஆக்சஸ் பாயின்ட் விருந்தினர் வைஃபையையும் ஒலிபரப்பும். அதற்கு ரேடியஸ் உரையாடல் இல்லாமல் பொதுவான ஒரு பாஸ்வேர்டுதான் என்றால், அதில் இணைந்து பாருங்கள். அது சட்டென்று கிடைத்து, ஊழியர் வைஃபை மட்டும் சுற்றினால், சிக்னல் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை. போன் திரையில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் கவனிக்கலாம். ‘Authenticating…’ என்று நின்றால் சந்தேகம் ரேடியஸ் பக்கம். ‘Obtaining IP address…’ என்று நின்றால் சரிபார்ப்பு முடிந்துவிட்டது. முகவரி வழங்கும் வேறொரு சர்வரைத்தான் பார்க்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் நிர்வாகி உரிமையோடு `netsh wlan show wlanreport` என்று தட்டினால் கடந்த சில நாட்களில் எப்போது இணைந்தது, எங்கே தோற்றது என்று ஓர் அறிக்கை கிடைக்கும். ஹெல்ப்டெஸ்க்குக்கு எழுதும்போது ‘வைஃபை ஸ்லோ’ என்பதைவிட, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டத்தில் நின்றது என்று எழுதினால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

நெட்வொர்க் ஆட்கள் பார்க்க வேண்டியது வேறு. இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. `radtest` என்ற கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டு, உடனே பதில் வருகிறது, சர்வரில் ஒன்றுமில்லை என்று முடித்துவிடுவார்கள். `radtest` அனுப்புவது மோடம் காலத்து ஒற்றைக் கேள்வி. பதினொரு சுற்று உரையாடலின் வலி அதில் தெரியவே தெரியாது. முழு உரையாடலையும் நடத்திப் பார்க்க `eapol_test` என்ற வேறொரு கருவி இருக்கிறது. இன்னொன்று, `radiusd -X` என்று சர்வரை விரிவாகப் பேசவைத்துப் பார்ப்பது. கோளாறு தேட அது அருமையான வழி. ஆனால் அந்த நிலையில் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். கூட்ட நேரத்தில் அதை ஓட்டினால் நெரிசலைப் பார்க்கப் போனவரே நெரிசலைக் கூட்டியவர் ஆகிவிடுவார்.

எனக்குத் தெரிந்து மிக நம்பகமான வழி, காலை நேரத்தில் சர்வரின் வாசலிலேயே போக்குவரத்தைப் பதிவு செய்துகொள்வதுதான்:

```
tcpdump -i eth0 -w kaalai.pcap udp port 1812 or tcp port 389
```

1812 என்பது ரேடியஸ் கேள்வி பதில் நடக்கும் கதவு. 389 டைரக்டரியோடு பேசும் கதவு. டைரக்டரியோடு குறியாக்கம் செய்த இணைப்பில் பேசினால் அது 636 ஆக இருக்கும். பதிவை வயர்ஷார்க்கில் திறந்து `radius.time > 0.5` என்று வடிகட்டினால், கேள்வி வந்து அரை விநாடிக்கு மேல் ஆகிக் கிளம்பிய பதில்கள் மட்டும் நிற்கும். நம் அலுவலகத்துப் பதிவில் வடிகட்டிக்கு அடியில் வரிசை வரிசையாகப் பதில்கள் நிற்கின்றன. ஒரே லேப்டாப்பின் உரையாடலைத் தனியே பிரித்தால், முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவு தாமதம். இடையில் 389 கதவில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தேடல் போய் வந்திருக்கிறது.

இந்த வடிவம்தான் நோயைச் சொல்லிவிடுகிறது. பாஸ்வேர்டையே பார்க்காத முதல் சுற்றில் டைரக்டரிக்கு என்ன வேலை? அங்கே அது போகிறதென்றால் வரிசை தப்பியிருக்கிறது.

வேறு வடிவங்களும் உண்டு. பத்துச் சுற்றும் பறந்துவிட்டு, புதிருக்கு விடை வரும் அந்த ஒரு சுற்று மட்டும் நாலைந்து விநாடி நின்றால், வரிசை சரியாகத்தான் இருக்கிறது, பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர்தான் திணறுகிறது. விண்டோஸ் சர்வர்களில் ஒரே நேரத்தில் எத்தனை பாஸ்வேர்டு விசாரணைகளை மேலே அனுப்பலாம் என்பதற்கு `MaxConcurrentApi` என்ற ஒரு வரம்பு இருக்கிறது. மாற்றாமல் விட்டால் அது சின்ன எண்தான். காலை நெரிசலுக்கு அது போதாமல் போவது பழைய கதை. சான்றிதழ் துண்டுகள் போகும் சுற்றுகளில் பதிலே வராமல் உரையாடல் அந்தரத்தில் நின்றுவிடுகிறதா? அப்படியானால் அது சர்வரின் மந்தம் அல்ல. வழியில் இருக்கும் ஃபயர்வால் ஏதோ பெரிய பொட்டலங்களை விழுங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் சுற்றும்.

சர்வரின் வாசலில் எல்லாப் பதிலும் சட்டென்று கிளம்பி, கன்ட்ரோலர் பக்கம் மட்டும் தாமதமாகத் தெரிந்தால், அது தூரம். சென்னை அலுவலகத்துக்கு அமெரிக்கக் கிழக்குக் கரையில் ரேடியஸ் சர்வர் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒருமுறை போய்வரக் கால் விநாடி என்றால் பதினொரு சுற்றுக்கு இரண்டே முக்கால் விநாடி, சர்வர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும். அதை எந்த அமைப்பு வரியாலும் குறைக்க முடியாது. சர்வரை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும், அல்லது சுற்றுகளைக் குறைக்க வேண்டும்.

சர்வரின் குறிப்பேட்டிலும் ஒரு வரியைத் தேடலாம். தள்ளிவிடப்பட்ட நகல்களைப் பற்றி எழுதும்போது அது எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் ஃப்ரீரேடியஸ் சொல்லிவிடும். `due to unfinished request in component authorize module ldap` என்று முடிந்தால் டைரக்டரியின் பதிலுக்காக நிற்கிறது. `module <queue>` என்று முடிந்தால் அந்தக் கோரிக்கையை இன்னும் கையிலேயே எடுக்கவில்லை. 32 பேரும் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த நிலையில் பலருக்கும் முதலில் தோன்றுவது, இன்னொரு ரேடியஸ் சர்வர் வாங்கிப் போடுவது. பட்ஜெட்டில் எளிதாக ஒப்புதல் கிடைக்கும் யோசனையும் அதுதான். இரண்டும் அதே பெங்களூர் டைரக்டரியைத்தான் கேட்கப்போகின்றன என்றால், தாமதத்துக்குக் கூட்டாளி சேர்த்ததுதான் மிச்சம். 32 என்ற எண்ணை 200 ஆக்குவதும் அப்படித்தான். திணறிக்கொண்டிருக்கும் டைரக்டரியின் கழுத்தில் இன்னும் 168 பேர் ஏறுவார்கள். கன்ட்ரோலரின் பொறுமையை 2 விநாடியிலிருந்து 5 ஆக்குவதில் ஓரளவு பலன் உண்டு. சர்வரை அவசரப்பட்டுச் செத்ததாக அறிவிப்பது குறையும். ஆனால் உண்மையிலேயே சர்வர் விழுந்துவிட்ட நாளில் இரண்டாவது சர்வருக்கு மாற அத்தனை நேரம் கூடுதலாகும்.

நம் அலுவலகத்துக்கு வேண்டியது இரண்டு வரிகளை இடம் மாற்றுவது. `ldap` கீழே இறங்குகிறது. ரகசிய வழிக்குள் நடக்கும் உரையாடலுக்கு `inner-tunnel` என்று தனிக் கோப்பு உண்டு. அதிலும் இதே வரிசையைப் பார்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு ‘மாற்றியும் பாதிதான் குறைந்தது’ என்று குழம்புகிறவர்கள் உண்டு. மாற்றிய பிறகு கணக்கு எப்படி ஆகிறது? உள்ளே நடக்கும் சுற்றுகளில் ஒன்றிரண்டு தேடல் மட்டும் மிஞ்சும். இரண்டு என்றே வைத்தாலும் ஒருவருக்கு இரண்டு விநாடி. அதே 32 பேர், அதே மெதுவான டைரக்டரி. நிமிடத்துக்கு 900க்கும் மேற்பட்ட கருவிகளை உள்ளே விடலாம். வருவது 200. வரிசை உருவாகவே இடமில்லை. டைரக்டரியின் சுமையும் குறைவதால் அந்த ஒரு விநாடியும் கீழே இறங்கும்.

இதைச் செய்த பிறகும் காலையில் ஒரு முணுமுணுப்பு கேட்டால், பாக்கெட்டில் இருக்கும் போன்களைச் சந்தேகிக்கலாம். மூன்று மாதத்துக்கொரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் அலுவலகங்களில், லேப்டாப்பில் மாற்றியவர் போனில் மாற்ற மறந்திருப்பார். போன் பழைய பாஸ்வேர்டோடு விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டலும் ஒரு முழு உரையாடல், முடிவில் ‘இல்லை’. பாஸ்வேர்டை யூகித்துப் பார்ப்பவர்களைத் தாமதப்படுத்துவதற்காக ஃப்ரீரேடியஸ் ஒவ்வொரு மறுப்பையும் வேண்டுமென்றே ஒரு விநாடி தாமதித்துத்தான் அனுப்பும். அதைப் பார்த்து சர்வர் மந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. நாலைந்து முறை தவறினால் கணக்கைப் பூட்டும் விதி இருந்தால், பாக்கெட்டில் இருக்கும் போனே உரிமையாளரின் லேப்டாப்பை வெளியே நிறுத்திவிடும்.

அந்தப் பழைய கோப்புகளில் இன்னொரு பொறியும் உண்டு. `radiusd.conf` கோப்பில் `hostname_lookups` என்று ஒரு வரி. அதை `yes` என்று வைத்தால், பெயர் இல்லாத ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடி சர்வர் 30 விநாடி வரை முடங்கிப்போகலாம் என்று அந்த வரிக்கு மேலேயே எச்சரித்திருக்கிறார்கள். குறிப்பேட்டில் எண்களுக்குப் பதில் பெயர்கள் தெரிந்தால் அழகாக இருக்குமே என்று ஆசைப்படுபவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

சுற்றுகளையே குறைப்பதற்கும் வழி இருக்கிறது. ஒருமுறை முழு உரையாடல் நடத்திய லேப்டாப்பை சர்வர் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சான்றிதழ், புதிர் எல்லாவற்றையும் தாண்டி நாலைந்து சுற்றில் முடித்துக்கொள்ளலாம். ஃப்ரீரேடியஸில் இது இருந்தாலும் நிறுவிய நிலையில் அணைந்திருக்கும். நாமாகத்தான் திறக்க வேண்டும்:

```
cache {
    enable = yes
    lifetime = 24
}
```

24 என்பது மணிக்கணக்கு. செவ்வாய் காலையில் வருபவர் திங்கள் காலை லாக்கினின் ஞாபகத்தில் சுருக்கமாக நுழைந்துவிடுவார், அதுவும் அதே நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தால்தான். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் 24 மணி கடந்திருக்கும், முழு உரையாடல்தான். அதனால் 26, 28 என்று கொஞ்சம் கூட்டி வைப்பது புத்திசாலித்தனம். அப்படியும் வெள்ளிக்கிழமை மாலை மூடிய லேப்டாப்புக்குத் திங்கள் காலையில் நினைவு மிஞ்சாது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் எல்லாம் காலாவதி. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் பதினொரு சுற்றையும் முதலிலிருந்து பேசுவார்கள். மற்ற நாளெல்லாம் சுமாராக ஓடும் வைஃபை திங்கட்கிழமை மட்டும் படுத்துக்கொள்ளும் அலுவலகங்களில் இதைப் பார்க்கலாம்.

அப்படியானால் 72 என்று வைத்துவிடலாமே என்று கேட்பார்கள். வைக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வேலையை விட்டு அனுப்பப்பட்ட ஒருவரின் கணக்கை டைரக்டரியில் முடக்கிய பிறகும், சர்வரின் நினைவில் அவர் நல்லவராகவே இருப்பார். சுருக்க வழியில் யாரும் டைரக்டரியைக் கேட்பதில்லை என்பதால், அவருடைய லேப்டாப் கார் நிறுத்துமிடத்திலிருந்தே திங்கள் காலையில் உள்ளே வந்துவிடக்கூடும். சுருக்க வழியில் வருபவருக்கும் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று ஒரே ஒரு தேடல் மட்டும் செய்யும்படி அமைக்கலாம். காலை நெரிசலில் அந்த ஒரு விநாடியைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை நெட்வொர்க் ஆட்கள் தனியாக முடிவு செய்ய முடியாது. பாதுகாப்புப் பிரிவையும் மனிதவளப் பிரிவையும் உட்காரவைத்துத்தான் பேச வேண்டியிருக்கும்.